மூன்றாம் வகுப்புக்கு ஸ்லைடு செய்வது எப்படி? கடைசி வரிசைக்கும் புள்ளி தெரியும்படி ஒரு வழிகாட்டி

நான் முதன்முதலில் செய்த தொகுப்பில் மொத்தம் ஐந்தே ஸ்லைடுகள். மூன்றாம் வகுப்பு அறிவியல், ‘விதை முளைத்தல்’ பாடம். ஒவ்வொரு ஸ்லைடிலும் ஆறேழு வரிகள், ஓரத்தில் ஒரு படம், மூலையில் சிறகடிக்கும் ஒரு வண்ணத்துப்பூச்சி. நள்ளிரவு வரை உட்கார்ந்து செய்தேன். மறுநாள் வகுப்பில் போட்டதும் கடைசி வரிசையிலிருந்து ஒரு பையன் எழுத்துக்கூட்டி வாசித்தான்: “வி… தை… யி… லி… ரு… ந… து… வே… ர…” விதையிலிருந்து வேர் என்று எழுதியிருந்தேன். புள்ளி எதுவுமே அவன் கண்ணுக்கு எட்டவில்லை. முன்வரிசையோ வண்ணத்துப்பூச்சி எப்போது அடுத்த ஸ்லைடுக்கு வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தது.

அதே பாடத்தை மூன்று முறை திருத்தி இப்போது பன்னிரண்டு ஸ்லைடாக வைத்திருக்கிறேன். ஸ்லைடு கூடியது, எழுத்து குறைந்தது, பாடம் முன்பைவிடச் சீக்கிரம் முடிகிறது. முதல்முறையாக ஸ்லைடு செய்யப் போகிறவர்கள் நான் பட்ட பாட்டைப் படவேண்டாம் என்பதற்காக, அந்த ஒரு பாடத்தையே எடுத்துக்காட்டாக வைத்து எழுதுகிறேன்.

1. கணினியைத் திறக்குமுன் வகுப்பறையை அளந்து வாருங்கள்

பத்து நிமிட வேலை. அளவு நாடா ஒன்று போதும். எடுக்க வேண்டியவை இரண்டு அளவுகள்: சுவரில் விழும் படத்தின் உயரம், திரையிலிருந்து கடைசி இருக்கை வரை உள்ள தூரம். இரண்டாவதை முதலாவதால் வகுத்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

என் வகுப்பில் படத்தின் உயரம் 120 செ.மீ., கடைசி இருக்கை 7 மீட்டர் தள்ளி. வகுத்தால் ஏறத்தாழ 6. அதாவது, கடைசி வரிசைக் குழந்தை படத்தின் உயரத்தைப் போல ஆறு மடங்கு தூரத்திலிருந்து பார்க்கிறது. இதை வைத்து வீட்டிலேயே சோதித்துவிடலாம். என் மடிக்கணினித் திரையில் ஸ்லைடின் உயரம் 17 செ.மீ. அதன் ஆறு மடங்கு ஒரு மீட்டர் சொச்சம். நாற்காலியை அவ்வளவு பின்னால் தள்ளி உட்கார்ந்தால் கடைசி வரிசைக்கு என்ன தெரியுமோ அதுதான் எனக்கும் தெரியும்.

புரொஜெக்டருக்குப் பதில் டிவி இருந்தால் கணக்கு தலைகீழாகிவிடும். 43 அங்குல டிவியின் திரை உயரம் சுமார் 54 செ.மீ.தான். ஆறரை மீட்டர் தூரத்தில் அது 12 மடங்கு. மடிக்கணினியிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நின்று படிக்க முடிந்தால்தான் டிவியில் போட வேண்டும். டிவி பளிச்சென்று இருப்பதால் பெரிதாகத் தெரியும் என்று பலர் நினைக்கிறார்கள். பளிச்சென்று இருக்கும், பெரிதாக இருக்காது.

அப்படியே கடைசி இருக்கையில் ஒரு நிமிடம் உட்கார்ந்து பாருங்கள், உங்கள் கண் குழந்தையின் கண் உயரத்துக்கு வரும்படி குனிந்து. முன்னால் இருக்கும் தலைகள் திரையின் அடிப்பகுதியை எவ்வளவு மறைக்கும் என்று தெரியும். என் வகுப்பில் கீழே கால்வாசி போய்விடும். அதனால் சொற்களை எப்போதும் மேலே வைக்கிறேன், படத்தைக் கீழே.

கடைசியாக, புரொஜெக்டர் அகலத்திரையா (16:9), பழைய சதுர வாக்கா (4:3) என்று பார்த்துவிடுங்கள். ஸ்லைடு அளவை முதலிலேயே அதற்கேற்ப வைக்க வேண்டும். எல்லாம் செய்து முடித்த பிறகு மாற்றினால் படங்கள் நசுங்கும், எழுத்துகள் இடம் மாறும். அதைச் சரிசெய்யவே ஒரு மாலை போய்விடும்.

2. பாடத்தைக் கேள்விகளாக உடையுங்கள்

‘ஒரு ஸ்லைடுக்கு ஒரு கருத்து’ என்பதை எல்லாரும் சொல்வார்கள். எது ஒரு கருத்து என்பதில்தான் தடுமாற்றம். நான் வைத்திருக்கும் சோதனை இது: இந்த ஸ்லைடைக் காட்டிக் குழந்தையிடம் என்ன கேட்பேன்? ஒரே ஒரு கேள்வி கேட்கத் தோன்றினால் ஒரு கருத்து. இரண்டு கேள்வி வந்தால் இரண்டு ஸ்லைடு. ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை என்றால் அது குழந்தைக்கான ஸ்லைடு இல்லை, உங்களுக்கான குறிப்பு. ஸ்லைடுக்குக் கீழே உள்ள குறிப்புப் பெட்டியில் போட்டுவிடுங்கள்.

என் பழைய ஸ்லைடு ஒன்றில் இப்படி இருந்தது: “விதையானது நீரை உறிஞ்சிப் பருக்கிறது. விதையுறை வெடித்து முளைவேர் வெளிவருகிறது. பின்னர் முளைக்குருத்து மேல்நோக்கி வளர்கிறது. விதை முளைக்க நீர், காற்று, தகுந்த வெப்பநிலை தேவை.” நான்கு வாக்கியம்தானே என்று தோன்றும். கேள்விகளாக மாற்றிப் பார்த்தால் எட்டு வந்தது. ஊறிய விதை எப்படி மாறியது? ஏன் பெரிதானது? உள்ளே என்ன இருக்கிறது? முதலில் வெளியே வந்தது எது? அடுத்தது எது? பிறகு எது? தண்ணீர் இல்லாவிட்டால்? காற்று இல்லாவிட்டால்?

கடைசிக் கேள்வியை எடுத்துவிட்டேன். காற்று இல்லாமல் விதை முளைக்காது என்பதை ஒரு படத்தில் காட்ட எனக்கு வழி தெரியவில்லை. அதை வாயால் சொல்லிக்கொள்ளலாம். படமாக்க முடியாததை எழுத்தாக்கி ஸ்லைடில் ஏற்றுவதுதான் நாம் எல்லாரும் செய்யும் தவறு.

இங்கே இன்னொரு பொறி. விதை முளைக்கச் சூரிய ஒளி வேண்டும் என்று நிறைய பேர் ஸ்லைடில் ஒரு சூரியனை வரைந்துவிடுகிறார்கள். நானும் வரைந்திருந்தேன். பீன்ஸ் விதை இருட்டிலேயே நன்றாக முளைக்கும். முளைத்து வந்த செடி வளரத்தான் ஒளி வேண்டும். அலங்காரத்துக்குப் போட்ட படம் தப்பான பாடத்தை நடத்திவிடும். சிரிக்கும் சூரியனைக் குழந்தை மறக்கவே மறக்காது.

உடைத்து முடித்ததும் என் வரிசை இப்படி வந்தது. முதலில் உள்ளங்கையில் காய்ந்த விதை, “இதற்கு உயிர் உண்டா?” அடுத்து காய்ந்த விதையும் ஊறிய விதையும் பக்கத்தில் பக்கத்தில், “எது பெரியது?” மூன்றாவதில் ஊறிய விதை மட்டும், “தண்ணீர் குடித்தது.” நான்காவதில் விதையைப் பிளந்து, “உள்ளே குட்டிச் செடி!” அப்புறம் “முதலில் வேர்”, “அடுத்து தண்டு”, “பிறகு இலை” என்று மூன்று ஸ்லைடுகள். எட்டாவதில் இந்தப் படங்களே கலைத்துப்போட்ட வரிசையில், எழுத்தே இல்லாமல். ஒன்பதாவதில் இரண்டு கண்ணாடிக் குவளைகள், ஒன்றில் ஈரத்தாள், இன்னொன்றில் காய்ந்த தாள், “எதில் முளைக்கும்?” பத்தாவதில் விடை. பதினொன்றில் குழந்தைகள் செய்ய வேண்டிய வேலை. பன்னிரண்டு, படங்களுக்கான நன்றிப் பட்டியல்.

எட்டாவது ஸ்லைடில் நான்கு படம் இருக்கிறதே, விதி மீறவில்லையா என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். கேள்வி ஒன்றுதான்: எது முன், எது பின்? வரிசைதான் அங்கே கருத்து. படங்களை எண்ணாதீர்கள், கேள்வியை எண்ணுங்கள்.

இதையெல்லாம் தாளில் செய்யுங்கள். ஒரு தாளை மடித்துப் பன்னிரண்டு கட்டமாக்கி, ஒவ்வொன்றிலும் கேள்வியும் கோட்டுப் படமும். அரை மணி நேரம் ஆகும். இதைத் தவிர்த்துவிட்டு நேரே கணினியில் உட்கார்ந்தால் வண்ணம் தேர்ந்தெடுப்பதிலேயே அந்த அரை மணி கரைந்துவிடும். முப்பத்தைந்து நிமிட வகுப்புக்குப் பத்துப் பன்னிரண்டு ஸ்லைடு சரியாக இருக்கிறது. ஒன்றுக்கு இரண்டரை நிமிடம் என்று வைத்தால் குழந்தைகள் பேசவும் நேரம் கிடைக்கும்.

3. எழுத்துரு: புள்ளி, கொம்பு, சுழி மூன்றும் தெரிய வேண்டும்

பெரியவர்கள் தமிழ்ச் சொல்லை முழு வடிவமாகப் பார்த்துப் படித்துவிடுகிறோம். புள்ளி தெரியாவிட்டாலும் ‘வேர்’ என்று ஊகித்துக்கொள்வோம். எழுத்துக்கூட்டும் குழந்தைக்கு அது முடியாது. ர், ர இரண்டுக்கும் நடுவே உள்ள வேறுபாடு ஒரு சின்னப் புள்ளிதான். தி, தீ இரண்டுக்கும் ஒரு சுழி. செ, சே இரண்டுக்கும் கொம்பில் ஒரு வளைவு. சில எழுத்துருக்களில் துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். அப்படிப்பட்ட எழுத்துருவைத் தொடவே வேண்டாம்.

புதிய எழுத்துரு ஒன்றைச் சோதிக்க நான் ஒரு வரி வைத்திருக்கிறேன்: ‘கார் காரம் தீ தி சே செ ணை ளு ஞ்’. இதை ஸ்லைடில் போட்டு, முதல் படியில் கண்டுபிடித்த தூரத்தில் நின்று பார்ப்பேன். எல்லாம் பிரிந்து தெரிந்தால் சரி. Noto Sans Tamil, Mukta Malar இரண்டும் இலவசம், இரண்டும் தேறிவிட்டன. விண்டோஸில் ஏற்கெனவே இருக்கும் Nirmala UI-யும் பரவாயில்லை. கையெழுத்துப் பாணி எழுத்துருக்கள் அழகாக இருக்கும், தலைப்புக்குக்கூட வேண்டாம்.

தடித்த எழுத்து கூடுதலாகத் தெரியும் என்று எல்லாவற்றையும் தடிமனாக்காதீர்கள். ணை, ழு போன்றவற்றின் உள்வளைவுகள் அடைத்துக்கொண்டு கரும்புள்ளியாகத் தெரியும். எழுத்துருவில் நடுத்தரத் தடிமன் இருந்தால் அதுதான் நல்லது. சாய்வெழுத்து கூடவே கூடாது. குழந்தை அப்போதுதான் எழுத்தின் வடிவத்தைப் பழகிக்கொண்டிருக்கிறது.

இனி அளவு. இங்கேதான் எனக்கு ஒரு மாதம் வீணானது. ‘எழுத்தளவை 40-க்குக் குறையாமல் வை’ என்பது போன்ற அறிவுரையை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது, ஏனென்றால் மென்பொருளுக்கு மென்பொருள் ஸ்லைடின் அளவே வேறு. பவர்பாயின்டின் அகலத்திரை ஸ்லைடு 7.5 அங்குல உயரம். கூகுள் ஸ்லைட்ஸில் அது 5.625 அங்குலம். சுவரில் விழும்போது இரண்டும் ஒரே உயரம். எனவே பவர்பாயின்டில் 60 என்று வைத்த எழுத்தும் கூகுள் ஸ்லைட்ஸில் 45 என்று வைத்த எழுத்தும் சுவரில் ஒரே அளவு. முக்கால் பங்கு என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

நான் இப்போது பவர்பாயின்டில் 60-க்குக் கீழே போவதில்லை. ‘வேர்’ மாதிரி ஒற்றைச் சொல்லாக இருந்தால் 96. பழைய தொகுப்பில் 24 வைத்திருந்தேன். 120 செ.மீ. படத்தில் 24 அளவு எழுத்தின் புள்ளி ஏறத்தாழ அரை சென்டிமீட்டர்தான் வரும். ஏழு மீட்டருக்கு அப்பாலிருந்து ஒரு மிளகைத் தேடச் சொன்ன மாதிரி.

60 அளவில் ஒரு வரிக்குப் பதினைந்து எழுத்து வரை கொள்ளும், எழுத்துருவைப் பொறுத்து ஒன்றிரண்டு முன்பின் இருக்கலாம். ஆகவே சொற்களை எண்ணுவதைவிட எழுத்துகளை எண்ணுவதுதான் தமிழுக்குச் சரி. ‘முளைத்துவிட்டதைப்’ என்பதும் ஒரு சொல்தான், ஆனால் ஒரு வரியில் பாதிக்கு மேல் விழுங்கிவிடும். மூன்றாம் வகுப்புக்கு இரண்டு வரி, முதல் வகுப்புக்கு ஒரு வரி. ‘உறிஞ்சியது’ என்பதைக் ‘குடித்தது’ என்று மாற்றியதும் வரி அடங்கியது. குழந்தைக்கும் சட்டென்று புரிந்தது.

வரியை மென்பொருள் தன்னிஷ்டத்துக்கு உடைக்க விடாதீர்கள். ‘முதலில் வெளியே / வருவது வேர்’ என்று பொருள் சேரும் இடத்தில் நீங்களே Shift+Enter அழுத்தி உடையுங்கள்.

இன்னும் இரண்டு அமைப்புகளை மாற்ற வேண்டும். பவர்பாயின்டின் வழக்கமான வார்ப்புருவில் உள்ளடக்கப் பெட்டியின் வரி இடைவெளி 0.9 ஆக இருக்கும். ஆங்கிலத்துக்கு அது போதும். தமிழில் மேல்வரியின் ‘கு, ளு’ கால்கள் கீழ்வரியின் ‘தீ, ணி’ சுழிகளோடு முட்டும். 1.1 அல்லது 1.2 ஆக்குங்கள். அடுத்தது, எழுத்து கூடினால் தானாகவே சிறிதாக்கும் வசதி. எழுத்துப் பெட்டியின் அமைப்பில் Do not Autofit என்பதைத் தேர்ந்தெடுத்து அதை நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் ஒரு சொல் சேர்க்கும்போதெல்லாம் சொல்லாமல் கொள்ளாமல் 60 என்பது 54 ஆகும், 48 ஆகும். பெட்டி நிரம்பி வழிந்தால்தான் சொற்களை வெட்ட வேண்டும் என்று நமக்கு உறைக்கும்.

நிறத்தைப் பற்றி ஒன்றே ஒன்று. புரொஜெக்டரால் கருப்பை வீச முடியாது. ஒளி விழாத சுவர்தான் நாம் பார்க்கும் கருப்பு. ஜன்னல் வெளிச்சம் உள்ள அறையில் அந்தச் சுவர் சாம்பலாகத்தான் இருக்கும். அதனால் கரும்பின்னணியில் வெள்ளை எழுத்து மடிக்கணினியில் பிரமாதமாகவும் வகுப்பில் மங்கலாகவும் வரும். வெளிர்ப் பின்னணி, கருநீலமோ கருப்போ எழுத்து. மஞ்சள் எழுத்து வெள்ளையில் காணாமலே போய்விடும்.

4. படங்கள்: பத்து நாள் முன்பே தொடங்குங்கள்

இணையத்தில் தேடினால் முளைக்கும் விதையின் படம் நூறு கிடைக்கும். நானும் முதலில் அப்படித்தான் எடுத்தேன். ஒன்று பட்டாணி, ஒன்று பீன்ஸ், ஒன்று வரைபடம். ஒரு படத்தில் விதை திரை முழுக்க, அடுத்த படத்தில் மண்ணில் ஒரு பொட்டு. “விதை ஏன் சின்னதாயிடுச்சு?” என்று ஒரு பெண் கேட்டாள். அவள் கேட்டது நியாயம்தான். படங்கள் ஒரே கதையைச் சொல்ல வேண்டும் என்றால் ஒரே விதையும், ஒரே தூரமும், ஒரே பின்னணியும் வேண்டும்.

நீங்களே எடுத்துவிடுங்கள். செலவு என்று பெரிதாக எதுவும் இல்லை: ஒரு கைப்பிடி பீன்ஸ் விதை, ஒரு கண்ணாடிக் குவளை, உறிஞ்சுதாள், உங்கள் கைபேசி. செலவாவது நாட்கள்தான். விதைகளை ஓர் இரவு ஊற வையுங்கள். உறிஞ்சுதாளை ஈரமாக்கிக் குவளையின் உட்சுவரை ஒட்டி வைத்து, தாளுக்கும் கண்ணாடிக்கும் நடுவே விதைகளைச் செருகுங்கள். வெளியிலிருந்து வேர் நன்றாகத் தெரியும். தாள் காயாமல் தினமும் நீர் தெளிக்க வேண்டும். விதை தண்ணீரில் மூழ்கிக் கிடந்தால் அழுகிவிடும். வெதுவெதுப்பான அறையில் இரண்டு மூன்று நாளில் வேர் எட்டிப் பார்க்கும், ஒரு வாரம் பத்து நாளில் இலை விரியும். குளிர்காலத்தில் இன்னும் தள்ளிப்போகும். ஆறு விதையாவது வையுங்கள், எல்லாம் முளைக்காது.

கைபேசியைப் புத்தக அடுக்கில் சாய்த்து, அடுக்கின் இடத்தையும் குவளையின் இடத்தையும் மேசையில் நாடா ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒரு வெள்ளைத் தாள். எல்லாப் படத்திலும் ஒரே பென்சில் குவளையோடு நிற்கட்டும். பென்சில் எவ்வளவு பெரியது என்று குழந்தைக்குத் தெரியும், அதனால் விதையின் அளவும் தெரிந்துவிடும். தினமும் ஒரே நேரத்தில் படம் எடுத்தால் வெளிச்சமும் மாறாது. ஃபிளாஷ் வேண்டாம், கண்ணாடியில் பளிச்சென்று அடிக்கும்.

பிளந்த விதைக்கு மட்டும் தனிப்படம். ஊறிய விதையின் தோலை உரித்து இரண்டு பருப்பையும் மெதுவாகப் பிரித்தால் ஒன்றில் குட்டிச் செடி ஒட்டிக்கொண்டிருக்கும். இது மிகச் சிறியது, கிட்டத்திலிருந்து எடுக்க வேண்டும். அளவு மாறிவிட்டது என்று குழந்தைக்குத் தெரிய, முதலில் முழுப் படத்தை ஒரு நொடி காட்டி, அதே படத்தைப் பெரிதாக்கி அடுத்த ஸ்லைடில் வைத்தேன். கேள்வி ஒன்றுதான் என்பதால் இதைத் தனி ஸ்லைடாக எண்ணவில்லை.

பிறர் எடுத்த படம்தான் வேண்டும் என்றால் விக்கிமீடியா காமன்ஸில் தேடுங்கள். ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும் உரிமம் எழுதியிருக்கும். CC0 என்றால் யாரையும் குறிப்பிட வேண்டியதில்லை. CC BY என்றால் எடுத்தவர் பெயரும் உரிமமும் குறிப்பிட்டாக வேண்டும். CC BY-SA என்றால் அதோடு, அந்தப் படத்தை நீங்கள் மாற்றிப் பகிரும்போது அதே உரிமத்தில்தான் பகிர வேண்டும். தேடுபொறியில் வந்த படத்தை எடுத்துக்கொள்வது வேறு, உரிமத்தோடு எடுத்துக்கொள்வது வேறு. வகுப்போடு முடிந்தால் யாரும் கேட்கமாட்டார்கள் என்று நினைப்போம். ஆனால் நல்ல தொகுப்பு வகுப்போடு முடியாது, நாலு பேர் கேட்பார்கள், அனுப்புவோம்.

இதற்கென்று ஓர் உரைக்கோப்பு வைத்துக்கொள்ளுங்கள். படத்தை இறக்கும் அந்த நிமிடமே கோப்பின் பெயர், இணைப்பு, எடுத்தவர், உரிமம் நான்கையும் ஒட்டிவிட வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டு, பதினோரு படங்களின் பிறப்பிடத்தைத் தேடி ஒரு ஞாயிற்றுக்கிழமையை இழந்தவன் சொல்கிறேன். குழந்தைகளின் முகம் தெரியும் படம் சேர்ப்பதானால் பெற்றோரிடமும் பள்ளியிடமும் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். நான் கைகளை மட்டும் எடுத்து அந்த வேலையையே தவிர்த்துவிட்டேன்.

5. ஸ்லைடில் அடுக்குவது

மேலே மூன்றில் ஒரு பங்கு எழுத்துக்கு, கீழே மூன்றில் இரண்டு படத்துக்கு. பன்னிரண்டிலும் எழுத்து ஒரே இடத்தில் இருக்கட்டும். இடம் மாறிக்கொண்டே இருந்தால் ஒவ்வொரு ஸ்லைடிலும் எங்கே படிப்பது என்று தேடுவதிலேயே குழந்தையின் முதல் சில நொடிகள் போகும்.

படத்தை மூலையைப் பிடித்து இழுங்கள், பக்கவாட்டில் இழுத்தால் விதை தட்டையாகும். சுற்றியிருக்கும் தேவையற்றதை வெட்டிவிடுங்கள். ‘வேர்’ ஸ்லைடில் வேர் மட்டும் தெரியாது, விதையும் தாளும் தெரியும். ஆகவே வேரை நோக்கி ஒரு தடித்த அம்புக்குறி போட்டேன். வண்ணத்தை மட்டும் நம்பி வட்டம் போட்டிருந்தேன் முதலில், பச்சைக்கு மேல் சிவப்பு வட்டம். சிவப்பும் பச்சையும் பிரித்துப் பார்க்க முடியாத குழந்தைகள் வகுப்பில் இருக்கலாம். அம்புக்கு அந்தச் சிக்கல் இல்லை.

அசைவு விளைவுகளுக்குப் பதில் ஸ்லைடை நகலெடுங்கள். ஐந்தாவது ஸ்லைடில் “முதலில் எது?” என்று கேட்டு, விடை சொன்னபின் ‘வேர்’ என்ற சொல்லும் அம்பும் வர வேண்டும் என்றால், ஸ்லைடைத் தேர்ந்தெடுத்து Ctrl+D அழுத்தி நகலெடுத்து, நகலில் சொல்லையும் அம்பையும் சேருங்கள். பார்க்கிறவர்களுக்கு அசைவு மாதிரியே இருக்கும். எந்தக் கணினியிலும் கெடாது, பிடிஎஃப் ஆக்கினாலும் அப்படியே வரும். என் பன்னிரண்டும் இப்படி நகல்களோடு சேர்த்தால் கோப்பில் பத்தொன்பது ஆகிறது.

வண்ணத்துப்பூச்சியை எடுத்துவிட்டேன் என்று சொல்லத் தேவையில்லை. அதோடு ஓரப் பூவேலை, ஒவ்வொரு ஸ்லைடிலும் இருந்த பள்ளிப் பெயர், என் பெயர், தேதி எல்லாம் போயின.

6. கோப்பைக் கெடாமல் கொண்டுபோவது

வீட்டில் தமிழாகத் தெரிந்தது வகுப்பில் `jkpo;` என்று தெரிந்தால், நீங்கள் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருக்கிறீர்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அது வெறும் ஆங்கில எழுத்துகள்தான். யூனிகோடில் தட்டச்சு செய்தால் இந்தப் பிரச்சினை வராது. எழுத்துரு இல்லாவிட்டாலும் வேறொரு தமிழ் எழுத்துருவிலாவது தெரியும். ஆனால் வேறு எழுத்துரு என்றால் அகலமும் வேறு, வரி உடைந்துவிடும். விண்டோஸ் பவர்பாயின்டில் File, Options, Save என்று போனால் Embed fonts in the file இருக்கும். அதைக் குறித்துவிட்டுச் சேமியுங்கள்.

கைபேசிப் படம் ஒன்று நாலைந்து எம்பி இருக்கும். பதினைந்து படம் சேர்ந்தால் பழைய கணினி ஒவ்வொரு ஸ்லைடுக்கும் மூச்சு வாங்கும். Compress Pictures என்பதில் 150 ppi தேர்ந்தெடுங்கள். வழக்கமான புரொஜெக்டருக்கு அதுவே தாராளம். என் கோப்பு 61 எம்பியிலிருந்து 6 எம்பியானது. மூலப்படங்களைத் தனிக் கோப்புறையில் வைத்துக்கொள்ளுங்கள், சுருக்கியதை மறுபடி பெரிதாக்க முடியாது.

கூடவே பிடிஎஃப் பிரதி ஒன்றும் எடுத்து, இரண்டையும் பென்டிரைவில் போடுங்கள். இணையத்தை நம்பிப் போகாதீர்கள்.

7. வகுப்புக்கு முந்தைய நாளும் வகுப்பு நாளும்

முந்தைய நாள் மாலை, முதல் படியில் கணக்கிட்ட தூரத்தில் உட்கார்ந்து ஸ்லைடுகளை ஓட்டுங்கள். உங்களுக்குப் பாடம் மனப்பாடம், அதனால் உங்கள் கண்ணை நம்ப வேண்டாம். அந்த வயதுக் குழந்தை ஒன்று வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருந்தால் வாசிக்கச் சொல்லுங்கள். எந்த இடத்தில் கண்ணைச் சுருக்குகிறது, எங்கே தலையை முன்னால் நீட்டுகிறது என்று மட்டும் பாருங்கள். என் அண்ணன் மகள் ‘குட்டிச் செடி’யில் நின்றுவிட்டாள். எழுத்து சின்னது என்று நினைத்தேன். “எங்கே செடி? பருப்புதான் இருக்கு” என்றாள். அம்பு போடாமல் விட்டிருந்தேன்.

வகுப்பு நாளில் பத்து நிமிடம் முன்னதாகப் போய், கோப்பைத் திறந்து, கடைசி இருக்கை வரை நடந்துவிட்டு வாருங்கள். வெளிச்சம் நேராகத் திரையில் விழுந்தால் அந்த ஒரு ஜன்னலை மட்டும் மூடினால் போதும். முழு இருட்டில் நீங்கள் குழந்தைகளின் முகத்தைப் பார்க்க முடியாது.

குழந்தைகள் விதையைக் கையில் எடுத்துப் பிளக்கும் நேரம் வந்ததும் B விசையை அழுத்துங்கள், திரை அணைந்துவிடும். திரும்ப அழுத்தினால் விட்ட இடத்திலிருந்து வரும். இது தெரியாத காலத்தில் ஊறிய விதையைக் கையில் கொடுத்துவிட்டு ஸ்லைடையும் ஓட விட்டிருந்தேன். பாதிப் பேர் கையில் இருக்கும் விதையை விட்டுவிட்டுத் திரையில் இருக்கும் விதையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நேரக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். இந்தப் பன்னிரண்டு ஸ்லைடு தொகுப்புக்குத் தாள் வேலையிலிருந்து பென்டிரைவ் வரை எனக்கு நான்கு மாலைகள் ஆயின, விதை முளைத்த நாட்கள் தனி. அதே வார்ப்புருவை வைத்து அடுத்த பாடத்தை இரண்டு மணி நேரத்தில் முடித்தேன், படங்கள் கையில் இருந்ததால். வகுப்பு முடிந்த அன்றே, எந்த ஸ்லைடில் குழந்தைகள் குழம்பினார்கள் என்று குறிப்புப் பெட்டியில் ஒரு வரி எழுதிவையுங்கள். என்னுடைய ஒன்பதாவது ஸ்லைடில் இப்போது இருக்கும் வரி: ‘ஈரத்தாளும் காய்ந்த தாளும் ஒரே வெள்ளையாகத் தெரிகின்றன. அடுத்த முறை ஈரமான குவளைக்குள் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி படம் எடுக்க வேண்டும்.’